மே மாதத்துக்குள் புகுந்த ஆகஸ்ட்

பாக்கியலட்சுமி கொண்டுவந்த படகுக் கணக்குத் தாள் கார்குழலி அச்சடித்துக் கொடுத்ததுதான். நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஆறு வரிகளுக்கு அடியில் பாக்கியலட்சுமி நீலப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தாள். போட்ட அழுத்தத்தில் ஓரிடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"இது இன்னான்னு நீயே படிச்சி சொல்லும்மா."

கார்குழலி படித்தாள். மே எட்டாம் தேதி, ஏலக்காரரிடமிருந்து வரவு, அறுபத்திரண்டாயிரத்து நானூறு. மே பத்து, நாற்பத்தோராயிரம். மே பன்னிரண்டு, எழுபத்தெட்டாயிரம். ஜூன் ஏழு, ஜூன் ஒன்பது, ஜூன் பதினொன்று.

"ஏலக்காரரு எதுக்குப் பணம் போடுவாரு?"

"மீன் வித்ததுக்கு."

"மே மாசத்துல மீனு ஏது?"

முத்தியால்பேட்டையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிற கார்குழலிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை அறுபத்தோரு நாள் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

"ஊரே ஒறங்குற நேரமாப் பாத்து போட்டை எடுத்துக்கினு போயிருக்காரு ஆதிமூலம் அண்ணன். கடைசிப் பக்கத்தையும் பாரு" என்றாள் பாக்கியலட்சுமி.

கடைசிப் பக்கத்தில், மார்ச் முப்பத்தொன்றாம் தேதியில், ஒரே வரி. ஆதிமூலம், சொந்தச் செலவுக்கு எடுத்தது, ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.

பிள்ளைச்சாவடியில் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய விசைப்படகு அது. ஆதிமூலமும் சிலம்பரசனும் இரண்டு பங்கு. கோவிந்தசாமியும் அவர் தம்பியும் மற்ற இரண்டு பங்கு. படகை ஓட்டுவது ஆதிமூலம். சிலம்பரசன் இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட, அவன் பங்கு மனைவி பாக்கியலட்சுமிக்கு வந்தது. அவள் கூடை தூக்கி மீன் விற்றுக்கொண்டே பங்குக்கும் கணக்குக் கேட்டாள். வாய்க்கணக்கு வேண்டாம், பேங்க் வழியாகவே வரவு செலவு நடக்கட்டும், ஆபீசில் கொடுத்து எழுதட்டும் என்று அடம்பிடித்தவளும் அவள்தான். அப்படித்தான் அந்தப் படகின் கணக்கு வரி ஆலோசகர் நாகராஜின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

"ஞாயித்துக்கெழம பஞ்சாயத்துல வெக்கப் போறேன். எனக்கு இந்தத் தாளு போதும்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் எழுந்தாள். அன்று வியாழக்கிழமை.

ஆதிமூலம் மறுநாள் காலையில் வந்தான். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயதிருக்கும். வெயிலில் கறுத்து இறுகிய உடம்பு. நாற்காலியில் உட்காரச் சொன்னபோது அதன் நுனியில் குந்தினான். அவன் சத்தம் போடுவான் என்று கார்குழலி எதிர்பார்த்தாள். அவன் போடவில்லை.

"நான் போவல மேடம். போட்டு கட்டிதான் கெடந்துச்சு. பெயின்ட் அடிச்சிக்கினு இருந்தோம்."

"சரிண்ணா."

"ஆனா பாக்கியம் காட்டுன பேப்பர்ல இருக்குதே. ராத்திரியெல்லாம் நெனச்சிப் பாத்துட்டேன். பேங்க்கு பேப்பரு பொய் சொல்லுமா? எனக்குத்தான் மறந்துபோச்சான்னு ஆயிடுச்சு."

அது கார்குழலிக்குச் சுருக்கென்று தைத்தது. அது பேங்க் கொடுத்த தாள் அல்ல. பேங்க் கொடுத்த கோப்பை இந்த அலுவலகத்தில் கணினியில் ஏற்றி, அதிலிருந்து எடுத்த தாள். ஏற்றியவன் விஜய், இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். அச்சடித்து, ஒரு முறைகூட நிதானமாகப் படித்துப் பார்க்காமல், அலுவலக முத்திரை வைத்து நீட்டியது அவள்.

விஜய்க்குப் போன் போட்டாள்.

"ஆமாக்கா, பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்ல தொறந்து அப்படியே டேலில இம்போர்ட் பண்ணேன். கொஞ்சம் வரி ஏறல. கடைசி பேலன்ஸ் பேங்க்கோட ஒத்துவரல. நம்ம கணக்குல ஒண்ணே முக்கால் லட்சம் சொச்சம் கூட நின்னுச்சு."

"அப்புறம்?"

"படகு ஓட்டுறவரு எடுத்திருப்பாருன்னு அவர் பேர்ல போட்டு நேர் பண்ணிட்டேன். அப்பவே கேக்கணும்னு நெனச்சேன்கா. மறந்துட்டேன்."

கார்குழலி போனை வைத்தாள். 'அவர் பேர்ல போட்டு நேர் பண்ணிட்டேன்.' ஒரு மனிதனைத் திருடனாக்க இவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது.

பிறகு தாளை எடுத்து அந்த ஆறு தேதிகளையும் ஒரு சீட்டில் தனியாக எழுதினாள். எட்டு, பத்து, பன்னிரண்டு. ஏழு, ஒன்பது, பதினொன்று. எழுதியதையே வெறித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்றாம் தேதிக்குப் பிறகு தடை நாள் எதிலும் ஒரு வரவுகூட இல்லை. திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போகிறவன் ஏன் எப்போதும் பன்னிரண்டாம் தேதிக்குள்ளேயே போக வேண்டும்?

வருடத்தில் மாதங்கள் பன்னிரண்டு.

அவள் பேனாவை வைத்துவிட்டு ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நான் ஒரு தேதி சொல்றேன். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"சொல்லுங்க."

மே எட்டு என்பதை எட்டு, ஐந்து என்று எடுத்துக்கொண்டு முன்பின்னாக மாற்றினாள். "ஆகஸ்ட் அஞ்சு."

ஆதிமூலம் ஜன்னல் பக்கம் பார்த்தான். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "ஆடி அமாவாசைக்கு மறாநாளு. விடிகாலம் கரைக்கு வந்தோம். சங்கரா நல்ல பாடு. அறுபது ரூபாக்கு மேல போச்சு. அறுவத்திரண்டு, அறுவத்திமூணு." ஆயிரத்தை அவன் ரூபாய் என்றே சொன்னான்.

கார்குழலி தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். அறுபத்திரண்டாயிரத்து நானூறு.

"செப்டம்பர் ஆறு."

"புள்ளையார் சதுர்த்திக்கு மொத நாளு. மீனு எவன் வாங்குவான்? வெல விழுந்துபோச்சு. முப்பதுகூட வரல."

தாளில் ஜூன் ஒன்பது என்று இருந்த வரியில் இருபத்தெட்டாயிரத்து எழுநூறு.

"டிசம்பர் அஞ்சு?"

இப்போது அவன் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். "புயலுக்கப்புறம் மொத ஏலம். பத்து நாளு ஒரு போட்டும் போவல. மொதல்ல எறங்குனது நாங்கதான். எறாலு! ஐஸ் பத்தல. எழுவத்தெட்டு."

மே பன்னிரண்டு, எழுபத்தெட்டாயிரம்.

அவள் தாளிலிருந்து கையை எடுத்தாள். ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது, ஒரு காலண்டர் கிடையாது. ஒரு வருடத்துக் கடல் முழுக்க இந்த ஆளின் தலைக்குள் நாள் வாரியாக இருந்தது. மறந்துபோச்சா என்று ராத்திரியெல்லாம் தன்னையே சந்தேகப்பட்டவன் இவன்.

"உங்களுக்கு எதுவும் மறக்கலண்ணா" என்றாள். "தப்பு எங்களுது. உங்க ஆகஸ்டைக் கொண்டுபோய் மே மாசத்துல வெச்சிருக்கோம்."

அவனுக்குப் புரியும்படி சொல்ல ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். பேங்க் 05/08 என்று எழுதுகிறது. நாள் முதலில், மாதம் பிறகு. விஜய் உட்கார்ந்திருந்த கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க வழக்கப்படி இருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. கோப்பை மவுஸால் இரட்டைத் தட்டுத் தட்டி எக்செல்லில் திறந்ததும் அது யாரையும் கேட்காமல் 05/08-ஐ மே எட்டு என்று எடுத்துக்கொண்டது. 20/08 என்று வந்தால் இருபதாவது மாதம் இல்லாததால் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. அதைக் கணக்கு மென்பொருளான டேலி சரியாகவே படித்தது. அதனால் ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாள் மட்டும் வேறு வேறு மாதங்களுக்குச் சிதறிப்போனது.

"பதிமூணுக்கு மேல தப்பிச்சுது" என்றான் ஆதிமூலம் மெதுவாக.

"ஆமாண்ணா. பாதி சரியா இருந்ததாலதான் யாருக்கும் சந்தேகம் வரல."

அவன் துண்டுத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஜனவரி எட்டாந்தேதி எஞ்சின் வேலைக்கு ரெண்டரை லட்சம் குடுத்தோமே, அது எங்க போச்சு?"

கார்குழலி தேடினாள். 08/01. இந்த வருடம் ஆகஸ்ட் ஒன்று. அப்போது ஜூலை மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. இன்னும் விடியாத ஒரு நாளில், அடுத்த வருடத்துக் கணக்கில், அந்த இரண்டரை லட்சம் போய் உட்கார்ந்திருந்தது. போன வருடக் கணக்கில் அந்தச் செலவே இல்லை. அப்படித்தான் புத்தகத்தில் பணம் கூடுதலாக நின்றிருக்கிறது. கூடியதை ஆதிமூலம் எடுத்ததாக எழுதியாயிற்று.

விஜய் சேமித்துவைத்த பழைய கோப்பைத் தொட்டுப் பிரயோசனமில்லை. அதில் பன்னிரண்டு இலக்கப் பரிமாற்ற எண்களெல்லாம் 4.18E+11 என்று சுருங்கிக் கிடந்தன. கடைசி இலக்கங்கள் இனித் திரும்பி வராது. அதனால் ஆதிமூலத்தின் போனுக்கு ஓடிபி வரவைத்து, பேங்க் தளத்திலிருந்து கோப்பைப் புதிதாக இறக்கினாள். இந்த முறை இரட்டைத் தட்டு இல்லை. காலி எக்செல்லைத் திறந்து, கோப்பை உள்ளே இழுக்கும்போதே ஒவ்வொரு பத்திக்கும் அது என்ன என்று சொன்னாள். முதல் பத்தி தேதி, நாள்-மாதம்-வருடம். பரிமாற்ற எண் எழுத்து. அதை எண்ணாக நினைக்காதே. உள்ளே வந்ததை வேறு பெயரில் சேமித்துவிட்டு, பேங்க் கொடுத்ததைத் தொடாமல் ஒதுக்கிவைத்தாள்.

பிறகு களை எடுத்தாள். தலைப்பில் இருந்த பெயர், முகவரி, கிளை விவரம் பதினான்கு வரி. அடியில் மொத்தம் போட்ட வரிகள். நடுவில் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வந்த தலைப்புகள். தொகைகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தது. அது இருக்கும்வரை எக்செல்லுக்கு அது எண்ணே இல்லை, கூட்டலில் சேராது. அதை நீக்கியதும் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்த எண்களெல்லாம் ஒரே நேரத்தில் வலப்பக்கம் நகர்ந்து வரிசையில் நின்றன. ஆதிமூலம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"இன்னா பண்ணீங்க இப்போ?"

"தூசு தட்டினேன்."

மீதி நின்றது அறுநூற்றுப் பதினேழு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பேங்க் அன்றைய இருப்பை எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் கார்குழலி கணக்குப் போட்டாள்: மேல்வரி இருப்போடு இந்த வரி வரவைக் கூட்டு, செலவைக் கழி, இந்த வரி இருப்பையும் கழி. எல்லாம் சரியென்றால் பூச்சியம் வர வேண்டும். கீழ்வரை இழுத்துவிட்டாள்.

பூச்சியம். பூச்சியம். பூச்சியம். உருட்ட உருட்டப் பூச்சியமாகவே வந்தது. பதினோரு வருடத்தில் இந்தச் சோதனையை அவள் எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. டீசல் போட்ட நாள், ஐஸ் வாங்கிய நாள், ஆட்களுக்குப் பங்கு பிரித்த நாள், புயலில் சும்மா இருந்த நாள். ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே இருந்த வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றை இடம் மாற்றினாலும் பிடி விட்டுப்போகும். விஜய் ஏற்றிய கணக்கில் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்திருக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் பிடி விட்டிருந்தது.

மே பதினெட்டு. ஜூன் பதினெட்டு. அந்த இரண்டு வரிகளிலும் எண்கள் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போய், இருப்புத் தொகை ஏழாவது பத்தியில் தனியாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. விவரப் பத்தியில் BY CASH SELF என்று மட்டும் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ADHIMOOLAM. பேங்கில் பணத்தை வாங்கிப் பதிந்த ஊழியர் இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி தட்டியிருக்கிறார். இந்தக் கோப்பில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குக் காற்புள்ளிதான் அடையாளம். அதனால் ஒரு விவரம் இரண்டாக உடைந்து, வரவு என்ற கட்டம் காலியாகி, தொகை இல்லாத வரியாக நின்றுவிட்டது. தொகையில்லாத வரியை டேலி ஏற்றாமல் விட்டுவிட்டது. விஜய் சொன்ன 'ஏறாத கொஞ்சம் வரி' இதுதான்.

உடைந்த விவரத்தைச் சேர்த்து, எண்களை அவற்றின் கட்டத்துக்கு நகர்த்தினாள். இருபத்து நான்காயிரம் வரவு. மறுபடி இருபத்து நான்காயிரம் வரவு. ஆதிமூலம் தன் கையால் கட்டிய ரொக்கம்.

"அண்ணா, இது என்ன?"

அவன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திருடன் என்று சொன்னபோதுகூட அவன் அப்படிக் குனியவில்லை.

"மாசா மாசம் இருவதாந்தேதி போட்டு லோனுக்குப் புடிப்பாங்க. தடைக்காலத்துல அக்கவுன்ட்ல ஒண்ணும் இல்ல. ஜூன்ல தடை முடிஞ்சும் மொத ஏலப் பணம் வந்து சேரல. புடிக்க வந்து பணமில்லன்னா நாலு பேருக்கும்தானே கெட்ட பேரு. ஊட்டுக்காரி செயினு இருந்துச்சு. அடகு வெச்சேன்."

"பங்காளிங்ககிட்ட சொல்லலையா?"

"கோவிந்தசாமி அண்ணன் கையிலயும் இல்ல. பாக்கியத்துக்கிட்ட போய்க் கேக்க முடியுமா? ரெண்டு புள்ளைங்க படிக்குது." சற்று நிறுத்தி, "அத மட்டும் சொல்லாதீங்க மேடம். அந்தக் கணக்கு சரியாச்சுன்னா போதும்" என்றான்.

அவன் எடுத்ததாக அவள் முத்திரை வைத்துக் கொடுத்த தொகையும், அவன் கொடுத்து இந்த அலுவலகம் தொலைத்த தொகையும் அவள் கண்முன்னே ஒரே திரையில் இருந்தன.

மாலையில் நாகராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கணக்கைத் திருத்திப் புதுசா பிரிண்ட் எடுத்துக் குடுத்துடலாம். முன்னது டிராஃப்ட்டுன்னு சொல்லிக்கலாம்."

"டிராஃப்ட்ல முத்திரை வைக்க மாட்டோம் சார். ஞாயித்துக்கிழமை அந்தாளை ஊர் நடுவுல நிக்கவெக்கப் போறாங்க. தப்பு நம்மளுதுன்னு நாமளே சொல்லணும்."

"சொன்னா அந்த ஊர்ல இன்னும் ஏழு கணக்கு இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார். அந்த ஏழையும் நான் இப்படிப் போட்டுப் பாக்கணும்."

நாகராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பூச்சியங்களை மேலிருந்து கீழ்வரை தானே உருட்டிப் பார்த்தார். அதற்கு நெடுநேரமாயிற்று. "எல்லாரையும் நாளைக்கு வரச்சொல்லு" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆதிமூலமும் கோவிந்தசாமியும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். பாக்கியலட்சுமி கடைசியாக வந்தாள். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். நாகராஜ் எழுந்து நின்று, தவறு தங்கள் அலுவலகத்தில் நடந்தது என்று சொன்னார். கார்குழலி, பார்க்காமல் முத்திரை வைத்தது தான்தான் என்று சொன்னாள்.

பாக்கியலட்சுமி எல்லாவற்றையும் கேட்டாள். முகம் இளகவில்லை.

"நேத்து ஒரு கணக்கு. இன்னிக்கு ஒரு கணக்கு. கம்ப்யூட்டர்ல தட்டுனா எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம். அண்ணன் வந்து அழுதாரு, மாத்திட்டீங்க. நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. கார்குழலிக்கு அவள்மேல் மதிப்புக் கூடியது. "நம்ப வேணாம்கா. பேங்க் பாஸ்புக் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட." முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையும், அதற்குள்ளிருந்து பாஸ்புக்கும் வந்தன. "நேத்துதான் போய் என்ட்ரி போட்டேன்."

"அதுல நாங்க கை வைக்க முடியாது இல்ல? உங்க இஷ்டத்துக்கு எந்த வரிய வேணும்னாலும் படிங்க. நான் இதுல எடுக்குறேன். ஒண்ணு தப்பா இருந்தாலும் தாளை எடுத்துக்கிட்டு பஞ்சாயத்துக்குப் போங்க."

பாக்கியலட்சுமி முதலில் எடுத்தது மே மாதம். விரலை வைத்து இறங்கினாள். மே எட்டு இல்லை. மே பத்து இல்லை. பன்னிரண்டு இல்லை. புரட்டி ஆகஸ்டுக்குப் போனாள். "அஞ்சாந்தேதி. அறுவத்திரண்டாயிரத்து நானூறு" என்று படித்தாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. கார்குழலி திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே தொகை. அதே இருப்பு, பைசா வரை.

பிறகு அவள் விடாமல் படித்தாள். நவம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, எஞ்சின் வேலை, டீசல், வலை. வேண்டுமென்றே சின்னத் தொகைகளாகப் பொறுக்கினாள். பேங்க் பிடித்த பதினேழு ரூபாய் எழுபது காசைக்கூடக் கேட்டாள். இருபது வரி, முப்பது வரி. ஒவ்வொன்றும் வந்து பொருந்தப் பொருந்த அவள் குரல் தணிந்துகொண்டே வந்தது. கோவிந்தசாமி எழுந்து வந்து அவள் பின்னால் நின்றுகொண்டார். ஏலம் கேட்கிற இடத்தில் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், கோயிலுக்குள் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொத்தமாவும் பாத்துடலாம்கா. மார்ச் முப்பத்தொண்ணு, கடைசி இருப்பு படிங்க."

அவள் படித்தாள். புதிதாக ஏற்றிய டேலிக் கணக்கின் கடைசி வரியும் அதையே சொன்னது. ஆதிமூலம் எடுத்ததாக எழுதிய வரி அங்கே இல்லை. தேவையும் இல்லை.

"தடைக்காலத்தை மறுபடி காட்டு" என்றாள் பாக்கியலட்சுமி.

கார்குழலி ஏப்ரல் பதினைந்துக்கு உருட்டினாள். வரவுப் பத்தி வெறிச்சென்று இருந்தது. ஒரு பக்கம் தாண்டியும் வெறிச்சென்றே போயிற்று. பெயின்ட்டுக்கு, மரவேலைக்கு, லோனுக்கு என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே எதுவும் வரவில்லை. அறுபத்தோரு நாள் படகு கட்டிக் கிடந்தது எண்களில் அப்படித் தெரிந்தது. அந்த வெறுமைக்குள் ஒரு எண் மட்டும் இருந்தது. பாக்கியலட்சுமியின் விரல் அங்கே போய் நின்றது.

"மே பதினெட்டு. இருவத்திநாலாயிரம். இது எங்கேர்ந்து வந்துச்சு?"

கார்குழலி வாயைத் திறக்கவில்லை. பாக்கியலட்சுமி பாஸ்புக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் அந்தப் பெயர் வந்தது. புரட்டினாள். ஜூன் பதினெட்டிலும் அந்தப் பெயரே.

"அண்ணே. இது நீ போட்ட பணமா?"

ஆதிமூலம் தரையைப் பார்த்தான்.

"தடைக்காலத்துல உனக்கு ஏது பணம்?"

கோவிந்தசாமி மெல்லச் சொன்னார்: "அவன் ஊட்டுக்காரி கழுத்துல செயினு இல்லாததப் பாத்தேன். கேட்டேன், தேஞ்சிபோச்சு, மாத்தக் குடுத்திருக்கேன்னுச்சு."

பாக்கியலட்சுமி பாஸ்புக்கை மூடினாள். மூடியதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். அவள் அழவில்லை. இடுப்பிலிருந்து நீலக் கோடு போட்ட தாளை எடுத்து, கார்குழலியிடம் நீட்டினாள்.

"இத நீயே கிழி. நீ குடுத்தது."

கார்குழலி கிழித்தாள். நான்கு பக்கத்தையும் சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் பாக்கியலட்சுமி. "அந்த நாப்பத்தெட்டாயிரத்த கணக்குல இன்னான்னு எழுதுவே?"

"அண்ணன் படகுக்குக் கொடுத்த கடன்னு எழுதணும்கா. படகு அவருக்குத் திருப்பித் தரணும்."

"எழுது. வர்ற வாரம் பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடி அதக் குடுத்துட்டுத்தான் பிரிக்கணும். வட்டியோட. செயினு வட்டிக்கடையில கெடக்குது, சும்மா இல்ல. இன்னா கோவிந்தசாமி அண்ணே?"

"நான் இன்னாம்மா சொல்றது? அவ்ளோதான்."

"வேணாம் பாக்கியம்..." என்று ஆதிமூலம் தொடங்கினான்.

"நீ சும்மா இருண்ணே. சொல்லாம செஞ்சதுக்கு உன்ன தனியா கேக்கணும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் குரல் உடைந்தது. எழுந்து வாசலுக்குப் போய்ப் படியில் நின்று மூக்கைச் சிந்தினாள். ஆதிமூலம் பின்னாலேயே போய், கொஞ்சம் தள்ளி நின்றான். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உள்ளே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. ஊரில் பேச்சு அதற்குள் பரவியிருந்ததால், பாக்கியலட்சுமியே எழுந்து சொன்னாளாம்: கணக்கு ஆபீசில் தேதி மாறிப்போச்சு, நானே பாஸ்புக்கை வைத்துப் பார்த்தேன், அண்ணன்மேல் ஒரு பைசா தப்பில்லை என்று. நாகராஜும் போய் நின்று ஒப்புக்கொண்டார். ஏழு கணக்கும் போய்விடும் என்று பயந்தவருக்கு எட்டாவதாக ஒன்று வந்தது. ஒரு ஐஸ் கம்பெனிக்காரர் தன் கணக்கையும் அந்த மாதிரி பூச்சியம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டார். விஜயையும் கார்குழலி போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அவன் ஆதிமூலத்தின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு மாலை ஆதிமூலம் கார்குழலியைத் தேங்காய்த்திட்டுக்கு வரச் சொன்னான். ஸ்கூட்டரை ஓரம் போட்டுவிட்டுப் படகு வரிசையை ஒட்டி நடந்தாள். டீசல் வாடையும் மீன் வாடையும் காற்றில் கனத்திருந்தன. அவன் காட்டிய இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

அந்தப் படகின் ஒவ்வொரு லிட்டர் டீசலும் அவளுக்குத் தெரியும். படகை மட்டும் பார்த்ததில்லை. கரையில் நின்றவளுக்கு அதன் முன்பக்கம் ஒரு மாடி உயரத்துக்கு எழும்பி நின்றது. நீலமும் சிவப்புமாகப் பெயின்ட். பக்கவாட்டில் புயலிலோ எதிலோ இடித்து ஒட்டுப்போட்ட தழும்பு. மேலே மலைபோலக் குவித்த பச்சை வலை. அதன்மேல் உட்கார்ந்து இருவர் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ பெருசா இருக்கும்னு நெனைக்கலண்ணா."

ஆதிமூலம் சிரித்தான். "கடலுக்குள்ள போயிட்டா இது தூசு மேடம்."

அவன் படகில் ஏறிக்கொள்ள, எஞ்சினைப் போட்டார்கள். அடியிலிருந்து எழுந்த அதிர்வு கரையின் சிமென்ட்டு வழியாக அவள் பாதத்துக்கு ஏறியது. கயிற்றை அவிழ்த்ததும் அத்தனை பெரிய உடம்பு சத்தமில்லாமல் கரையை விட்டு விலகி, முகத்துவாரத்தை நோக்கித் திரும்பியது. அவள் அது வெளிக்கடலில் ஏறி ஒரு புள்ளியாகும்வரை அங்கேயே நின்றாள்.